ஒரே ஒரு ஆஃபர், முதல் சம்பளப் பேச்சு: ஒரு நிகழ்வு ஆய்வு

இது 2023 ஜூன் மாதம் நடந்தது. சம்பந்தப்பட்ட பெண் என் கல்லூரியில் எனக்கு ஒன்பது ஆண்டு இளையவள். துறையின் பழைய மாணவர் குழு வழியாக என் எண்ணை வாங்கிக் கூப்பிட்டாள். அவளுடைய சம்மதத்தோடு, அவளிடமே கணக்குகளைச் சரிபார்த்து எழுதுகிறேன். பெயர்கள் எதையும் குறிப்பிடவில்லை.

## பின்னணி

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் இஇஇ முடித்தவள். அப்பா அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறார். படிப்புக்காக வங்கியில் கல்விக் கடன் வாங்கியிருந்தார்கள். கேம்பஸில் வந்த நிறுவனங்கள் பெரும்பாலும் மென்பொருள் ஆட்களைத்தான் தேடின, இவளுக்கு எதுவும் அமையவில்லை. வெளியில் பதினோரு இடங்களுக்கு விண்ணப்பித்து, மூன்று இடங்களில் நேர்காணல் போய், கடைசியில் கோயம்புத்தூரில் மோட்டார் கன்ட்ரோலர் தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்திலிருந்து பயிற்சிப் பொறியாளர் வேலைக்கு ஆஃபர் வந்தது. ஜூன் 15, வியாழக்கிழமை. ஏழு நாளில் பதில் சொல்ல வேண்டும். ஜூலை 3 திங்கட்கிழமை சேர வேண்டும்.

மறுநாள் மாலை என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, 4.2 லட்சம் போட்டிருக்காங்க. அப்பா மாசம் 35,000 வரும்னு சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. இன்னும் கொஞ்சம் கேக்கலாமா, இல்ல கேட்டா ஆஃபரைத் திருப்பி எடுத்துக்குவாங்களா?"

அவள் பயந்தது திருப்பி எடுத்துக்கொள்வதைப் பற்றி. எனக்கு அந்த 35,000 என்ற எண்தான் உறுத்தியது. கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை, அதாவது சம்பளப் பிரிவு அட்டவணையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அந்தப் பக்கத்தை அவள் அதுவரை சரியாகப் பார்த்திருக்கவில்லை.

## கடிதத்தில் இருந்தது

நாலு லட்சத்து இருபதாயிரத்தை இப்படிப் பிரித்திருந்தார்கள். பேசிக் மாதம் 15,000, வீட்டு வாடகைப் படி 6,000, சிறப்புப் படி 4,000. இந்த மூன்றும் சேர்ந்து மாதம் 25,000, ஆண்டுக்கு 3,00,000. நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பிஎஃப் 21,600. கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்காக 8,658. குழுக் காப்பீட்டு பிரீமியம் 7,742. வேரியபிள் என்ற பெயரில் 42,000. ரிட்டென்ஷன் போனஸ் என்று 40,000.

ஆக, 4.2 லட்சத்தில் மாதாமாதம் சம்பளச் சீட்டில் வரக்கூடியது மூன்று லட்சம் மட்டும். அதிலிருந்தும் அவள் பங்கு பிஎஃப் 1,800 பிடிப்பார்கள். தொழில் வரி உண்டு, அது ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகாது. 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டுவதால் இஎஸ்ஐ பிடித்தம் இல்லை. இந்தச் சம்பளத்துக்கு வருமான வரியும் வராது. கைக்கு வருவது மாதம் சுமார் 23,000.

மீதமுள்ள ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிபந்தனையோடு இருந்தது. பிஎஃப் அவள் பணம்தான், ஆனால் நிறுவனம் போடும் 1,800-ல் 1,250 ஓய்வூதியக் கணக்குக்குப் போய்விடும், மிச்சமும் உடனே எடுக்க முடியாது. கிராஜுவிட்டி அன்றைய சட்டப்படி ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தால்தான். வேரியபிள் நிறுவனத்தின் லாபத்தையும் மேலாளரின் மதிப்பீட்டையும் பொறுத்தது. ரிட்டென்ஷன் போனஸ் இரண்டு ஆண்டு முடித்தபின், இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து 80,000 ஆக ஒரே தடவை.

நான்காம் பக்கத்தில் பாண்ட் இருந்தது. இரண்டு ஆண்டுக்குள் விலகினால் 1,50,000 ரூபாய் கட்ட வேண்டும். எந்த மாதத்தில் விலகினாலும் அதே தொகை. முத்திரைத்தாளில் அவளும் அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும். பத்தாம் வகுப்பிலிருந்து டிகிரி வரை அசல் சான்றிதழ்களை நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். பயிற்சிக் காலம் முடிந்தபின் நோட்டீஸ் 90 நாள்.

அன்று இரவே அவள் அப்பாவிடம் 23,000 கணக்கைச் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டேன். பேச்சு முடிந்தபின் சொன்னால், பேசத் தெரியாமல் மகள் 12,000 ரூபாயை விட்டுவிட்டாள் என்றுதான் வீட்டில் படும். அந்தப் பணம் முதலிலேயே இல்லை என்பது பேசுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லையாம். அப்புறம் சம்பளத்தை விட்டுவிட்டு, சான்றிதழைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார். "பணத்தைக்கூட விடு. சர்டிபிகேட்டை வாங்கி வச்சுக்கிட்டா அது அடமானம் மாதிரில்ல?"

## இல்லை என்று சொன்னால் என்ன செய்வது

வேறு ஆஃபர் கையில் இருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் தானாக வந்துவிடும். ஒன்றே ஒன்று இருக்கும்போது உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை அதைத்தான் செய்தோம்.

முதலில் செலவு. பீளமேடு பக்கம் பெண்கள் விடுதி சாப்பாட்டோடு 7,500. பஸ்ஸுக்கு 1,200. போன் 500. சொந்தச் செலவு 2,500. வீட்டுக்கு 4,000. மொத்தம் 15,700. படிப்பு முடிந்து ஓர் ஆண்டு கழித்துத்தான் கல்விக் கடன் தவணை தொடங்கும். அப்போது வட்டியோடு சேர்ந்து 3,60,000 நிற்கும் என்று வங்கியில் சொல்லியிருந்தார்கள். பத்து சதவீத வட்டியில் ஏழு ஆண்டுக்குத் தவணை சுமார் 6,000 வரும். ஆக, 21,700 இருந்தால் சமாளிக்கலாம். 23,000 அதைத் தாண்டுகிறது, ஆனால் ஒட்டினாற்போலத்தான்.

அடுத்து, இந்த ஆஃபரை விட்டுவிட்டால் என்ன ஆகும்? அதுவரை போன நேர்காணல்களின் வேகத்தைப் பார்த்தால் இன்னொன்று அமைய மூன்று மாதமாவது ஆகும் என்று வைத்துக்கொண்டோம். மூன்று மாதச் சம்பளம் 69,000 போகும். அப்புறம் கிடைக்கும் வேலையில் மாதம் 3,000 கூடுதலாகவே கொடுத்தாலும் இழந்ததை மீட்க 23 மாதம் ஆகும். இந்தக் கணக்கைத் தாளில் எழுதியதும் அவளுக்கே தெளிவாகிவிட்டது: சம்பளத்தை ஒரு ரூபாய்கூட ஏற்றாவிட்டாலும் சேரத்தான் போகிறாள்.

சிலர் இதை முன்கூட்டியே முடிவு செய்வது பேரத்தைப் பலவீனமாக்கும் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முடிவு தெரியாமல் பேசுகிறவர்தான் எதிர்முனையில் குரல் சற்று உயர்ந்ததும் குழம்பி, கேட்டதையும் விட்டு, கேட்காத மன்னிப்பையும் சொல்லிவிடுவார். அவளுக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் முடிவு தொங்கலில் இருந்தது, அது சான்றிதழ். அசலைக் கொடுக்க மாட்டோம் என்பதில் அப்பா உறுதியாக இருந்தார். வேலையே போனாலும் சரியா என்று நான் திரும்பக் கேட்டேன். "சரி" என்றார். ஆக, விட்டுக்கொடுக்க முடியாத கோடு அதுதான் என்று எழுதிக்கொண்டோம்.

## அவர்கள் பக்கம் எப்படி இருந்தது

ஒரே ஆஃபர் என்பதால் அவளிடம் பலமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆள் எடுக்கிறவர்களுக்கும் ஒரு நெருக்கடி இருக்கும். அது வெளியில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். நேர்காணலில் நடந்ததை அவளை வரிசையாகச் சொல்லச் சொன்னேன்.

அவளுடைய இறுதியாண்டு புராஜெக்ட், சீலிங் ஃபேனுக்கான பிஎல்டிசி மோட்டார் டிரைவர். தொழில்நுட்பச் சுற்றில் மேலாளர் ஓடாத ஒரு போர்டைக் கொடுத்து என்ன பிரச்சினை என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஆசிலோஸ்கோப் வைத்துப் பார்த்து, கேட் டிரைவருக்குப் போகும் மின்னழுத்தம் குறைவதை இருபது நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கிறாள். போகும்போது மேலாளர், "இந்த புராஜெக்ட் ஜூலை முதல் வாரம் ஆரம்பிக்குது, ஒருத்தர் சேர்றேன்னு சொல்லிட்டு வரலை" என்றாராம். ஆஃபர் வந்த மறுநாளே ஹெச்ஆரிலிருந்து, மூன்றாம் தேதி வந்துவிடுவீர்கள்தானே என்று இரண்டு தடவை போன் வந்திருக்கிறது.

நான் என் அலுவலகத்தில் ஆள் எடுக்கும் குழுவில் இருந்திருக்கிறேன். ஒருவர் வரவில்லை என்றால் மறுபடி விண்ணப்பங்களைப் பார்த்து, மூன்று சுற்று நடத்தி, ஆளைக் கொண்டுவர ஒன்றரை மாதம் சாதாரணமாகப் போய்விடும். இந்த மேலாளருக்கு அந்த ஒன்றரை மாதம் இல்லை. இதுதான் அவளுடைய பிடி. ஆனால் இதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. நாங்கள் கேட்பது நியாயமாக இருந்தால், மேலாளரே உள்ளே பேசி முடித்துக் கொடுக்கும் அளவுக்கு அவருக்கு அவசரம் இருக்கிறது என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதே கிரேடில் நான்கு பேரை எடுக்கிறார்கள் என்று ஹெச்ஆர் சொல்லியிருந்தார். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மொத்தத் தொகை ஒரே மாதிரி இருக்கும். ஒருவருக்கு மட்டும் ஐந்து லட்சம் என்று போட்டால் ஹெச்ஆர் மேலே விளக்கம் சொல்ல வேண்டும். அதனால் 4.2 லட்சம் அசையாது என்று கணித்தேன். அதற்குள் இருக்கும் பிரிவுகள் அசையலாம்.

சந்தை நிலவரத்துக்காக, இதே துறையில் கோயம்புத்தூரில் ஓரிரு ஆண்டுக்குள் சேர்ந்த மூன்று பேரிடம் விசாரித்தாள். சிடிசி, அதாவது ஆஃபரில் காட்டும் ஆண்டு மொத்தத் தொகை எவ்வளவு என்று கேட்காமல், "பிடித்தம் போக மாதம் கைக்கு எவ்வளவு வருகிறது" என்று கேட்கச் சொன்னேன். 22,000, 24,500, 27,000 என்று பதில் வந்தது. மூன்று பேர் சொன்னதை வைத்துச் சந்தையே இதுதான் என்று வாதாட முடியாது. ஆனால் 25,000 கேட்பது அநியாயம் இல்லை என்ற தைரியம் அவளுக்கு வந்தது.

## எதைக் கேட்பது, எதை விடுவது

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் இதிலேயே போனது. அவள் எழுதி வைத்திருந்த பட்டியலில் ஏழு விஷயங்கள் இருந்தன. புதிதாகச் சேர்கிற ஒருவர் ஏழு விஷயம் கேட்டால், எல்லாவற்றிலும் எளிதான ஒன்றைக் கொடுத்துப் பேச்சை முடித்துவிடுவார்கள். மூன்றாகக் குறைத்தோம்.

முதலாவது, ரிட்டென்ஷன் போனஸின் ஒரு பகுதியை மாதச் சம்பளத்துக்கு மாற்றித் தரச் சொல்வது. ஏன் வேரியபிளைத் தொடவில்லை என்றால், அது நிறுவனத்தில் எல்லோருக்கும் பொதுவான கொள்கை, அவளுக்காக மாற்ற மாட்டார்கள். ரிட்டென்ஷன் அப்படி இல்லை. அவள் இரண்டு ஆண்டு இருப்பதற்காக வைத்த பணம் அது. அதே இரண்டு ஆண்டுக்குப் பாண்டும் போடுகிறார்கள். ஒரே கதவுக்கு இரண்டு பூட்டு. பாண்டில் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறேன், அப்படியிருக்கும்போது இந்தப் பணத்தையும் நிறுத்திவைக்கத் தேவையில்லையே என்று நேராகக் கேட்கலாம். மாதம் 2,000, அதாவது ஆண்டுக்கு 24,000 மாற்றச் சொல்வது என்று வைத்துக்கொண்டோம். அதைச் சிறப்புப் படியில் சேர்க்கச் சொன்னால் பேசிக் மாறாது, கிராஜுவிட்டிக் கணக்கும் மாறாது. அவளுக்கு பிஎஃப் 15,000 ரூபாய் உச்சவரம்பில் ஏற்கெனவே நிற்பதால் அதுவும் ஏறாது. மொத்தம் அதே 4.2 லட்சம். ஹெச்ஆர் யாரிடமும் புது அனுமதி வாங்கத் தேவையில்லாத வடிவத்தில் கேள்வியை அமைத்தோம்.

இரண்டாவது, பாண்ட் தொகை மாதாமாதம் குறைய வேண்டும். 1,50,000-ஐ 24 ஆல் வகுத்தால் மாதம் 6,250. இருபது மாதம் உழைத்தபின் விலகுகிறவரும் முதல் வாரத்தில் விலகுகிறவரும் ஒரே தொகை கட்டுவதில் நியாயம் இல்லை.

பாண்ட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "கையெழுத்துப் போட்டுடு, கோர்ட்ல நிக்காது" என்று அவளுக்கு நான்கு பேர் சொல்லியிருந்தார்கள். அது பாதி உண்மை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 27-ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதையே தடுக்கும் ஒப்பந்தத்தைச் செல்லாததாக்குகிறது. ஆனால் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் அதில் எழுதிய தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீட்டுக்கு இடம் தருகிறது. முழுத் தொகையும் தானாக வசூலாகிவிடாது, அதே நேரம் பூஜ்யமும் ஆகாது. பின்னால் 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டு வேலை பார்க்க வேண்டும், இல்லையேல் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே சொன்னது. அது பொதுத்துறை வங்கி, அதன் சூழ்நிலை வேறு. இருந்தாலும், நிற்காது என்று நம்பிக் கையெழுத்துப் போடுவது ஆபத்து என்ற என் எண்ணம் அதன்பின் இன்னும் உறுதியானது.

மூன்றாவது, சான்றிதழ். அசலைக் கொண்டுவருகிறேன், சரிபார்த்து அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், சான்றொப்பமிட்ட நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றோடு நான்காவதாக, ஆறு மாதத்தில் ஒரு சம்பள மறுபரிசீலனை கேட்கலாம் என்று நான் சொல்லிச் சேர்த்தேன். அது தவறு என்று பின்னால் தெரிந்தது.

## ஒத்திகை

ஞாயிறு மாலை போனில் மூன்று தடவை பேசிப் பார்த்தோம். நான் ஹெச்ஆராக இருந்தேன். முதல் தடவை அவள் கல்விக் கடனில் ஆரம்பித்தாள். அப்பாவுக்கு வயதாகிறது, தவணை இவ்வளவு என்று சொல்லிக்கொண்டே போனாள். எல்லாம் உண்மைதான், எனக்கே மனது கஷ்டமாக இருந்தது. ஆனால் அவளுடைய கடன் அந்த நிறுவனத்தின் சம்பள அட்டவணைக்குக் காரணமாக முடியாது. கேட்கிறவர் வருத்தப்பட்டு, "புரியுதும்மா, ஆனா பாலிசி" என்று முடித்துவிடலாம். கடனை எங்கள் தாளில் மட்டும் வைத்துக்கொள், அவர்களிடம் போர்டில் பிழை கண்டுபிடித்ததையும் மூன்றாம் தேதி வந்து சேர்வதையும் பேசு என்றேன்.

அடுத்தது, "வேறு ஆஃபர் இருக்கிறதா?" என்ற கேள்வி. இருக்கிறது என்று சொல்லிவிடலாமா என்று அவளுக்கு ஒரு சபலம். தோழி ஒருத்தி அப்படிச் சொல்லிச் சம்பளம் ஏற்றிக்கொண்டாளாம். நான் வேண்டாம் என்றேன். அந்தக் கடிதத்தை அனுப்புங்கள் என்று கேட்டால் அனுப்ப எதுவும் இல்லை. அங்கேயே போங்கள் என்று சொன்னால் போக இடம் இல்லை. அதைவிட, சேரும் நாளிலிருந்து அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு அதே மனிதர்களிடம் வேலை பார்க்க வேண்டும். கேட்காமல் இருந்தால் அவளாகச் சொல்லத் தேவையில்லை. கேட்டால் சொல்ல வேண்டிய வாக்கியத்தை எழுதி வைத்தோம்: "இப்போதைக்கு இது ஒன்றுதான் சார். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, சேரத்தான் நினைக்கிறேன். அதற்கு முன் சம்பளப் பிரிவில் ஒன்றும் பாண்டில் ஒன்றும் பேசித் தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன்."

கேட்டு முடித்தபின் எதிர்முனையில் அமைதி இருந்தால் அதை நிரப்பக் கூடாது என்பதையும் பழகினோம். மனதுக்குள் பத்து வரை எண்ணச் சொன்னேன்.

## தொலைபேசியும் மின்னஞ்சலும்

செவ்வாய்க்கிழமை, ஜூன் 20, காலை பதினொரு மணிக்குப் பேசினாள். நன்றி சொல்லி, வேலை பிடித்திருக்கிறது என்று சொல்லி, ரிட்டென்ஷன் விஷயத்தைக் கேட்டாள். ஹெச்ஆர், "ஃபிரெஷர்ஸுக்கு ஸ்ட்ரக்சர் ஃபிக்ஸட்மா" என்றார். அப்புறம் அமைதி. அவள் நான்கு வரை எண்ணியிருக்கிறாள். "முடியலைன்னா பரவாயில்லை சார்" என்று வந்துவிட்டது.

ஹெச்ஆர் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விட்டார். பாண்ட் குறைவதைக் கேட்டபோது, லீகலில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். ஆறு மாத மறுபரிசீலனைக்கு, ஏப்ரலில்தான் எல்லோருக்கும் என்று உடனே மறுத்தார். இரண்டு மறுப்பு வாங்கியபின் சான்றிதழ் பற்றிப் பேச அவளுக்கு நா எழவில்லை. விட்டுக்கொடுக்க முடியாத கோடு என்று நாங்கள் எழுதிய விஷயம் பேசப்படாமலேயே போன் முடிந்தது.

என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள். பேச்சில் விட்டதை எழுத்தில் கேட்பதில் தவறில்லை என்றேன். அன்று மாலை ஹெச்ஆருக்கு மின்னஞ்சல் எழுதினோம், தொழில்நுட்ப மேலாளருக்கும் நகல் போட்டோம். மேலாளரைச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். ஹெச்ஆரைத் தாண்டிப் போவதாகப் படக்கூடாது. ஆனால் ஆஃபர் மின்னஞ்சலிலேயே அவர் நகலில் இருந்தார், அதனால் எல்லோருக்கும் பதில் என்ற பொத்தானை அழுத்துவது இயல்பாகத்தான் இருக்கும்.

அவள் ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது. காலையில் பேசியதற்கு நன்றி, ஜூலை 3 அன்று சேர்கிறேன். மொத்தத் தொகையில் மாற்றம் கேட்கவில்லை. இரண்டு ஆண்டுப் பாண்டுக்குச் சம்மதிக்கிறேன், எனவே ரிட்டென்ஷன் தொகையில் ஆண்டுக்கு 24,000-ஐச் சிறப்புப் படியாக மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பாண்ட் தொகை பணிபுரிந்த ஒவ்வொரு மாதத்துக்கும் 6,250 குறையும்படி வாசகத்தைத் திருத்தித் தர வேண்டும். அசல் சான்றிதழ்களைச் சேரும் நாளில் சரிபார்ப்புக்குக் கொண்டுவருகிறேன், அன்றே திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும். இவ்வளவுதான். ஆறு மாத மறுபரிசீலனையை எடுத்துவிட்டோம்.

வியாழக்கிழமை, கெடு முடியும் நாளில், மதியம் பதில் வந்தது. மூன்றுக்கும் சம்மதம். மாதச் சம்பளம் 27,000, ரிட்டென்ஷன் ஆண்டுக்கு 16,000, மொத்தம் அதே 4.2 லட்சம். மேலாளர் உள்ளே பேசியிருக்கிறார் என்று பின்னால் அவரே சொன்னார்.

## சேர்ந்த நாள்

ஒப்புக்கொண்டது மின்னஞ்சலில் இருந்தது. ஜூலை 3 காலை நீட்டிய முத்திரைத்தாளில் பழைய வாசகமே இருந்தது: எப்போது விலகினாலும் 1,50,000. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, பழைய மாதிரியை அப்படியே அச்சடித்திருக்கிறார்கள். அவள் மின்னஞ்சலை அச்செடுத்துப் பையில் வைத்திருந்தாள். காட்டினாள். "இப்போ கையெழுத்துப் போடுங்க, அப்புறம் மாத்திக்கலாம்" என்றார்கள். காத்திருக்கிறேன் என்றாள். கூட வந்திருந்த அப்பாவும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மாலை நான்கு மணிக்குப் புதுத் தாள் வந்தது. சான்றிதழ்களைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஒரே மாதிரி இருக்கட்டும் என்று மற்ற மூன்று பேருக்கும் அதே புது வாசகத்தையே கொடுத்தார்களாம்.

## பிறகு நடந்தது

முதல் மாதச் சம்பளம் கைக்குச் சுமார் 25,000 வந்தது. 2024 ஏப்ரலில் வேரியபிள் கணக்குப் பார்த்தபோது ஒன்பது மாதத்துக்கு 31,500 வந்திருக்க வேண்டும். 60 சதவீதம்தான் கொடுத்தார்கள், 18,900. அதே ஏப்ரலில் எட்டு சதவீத ஏற்றத்தை மாதச் சம்பளத்தின் மேல் கணக்கிட்டார்கள், 27,000 என்பது 29,160 ஆனது.

மாதம் 2,000 கூடியதை வெற்றி என்று பெரிதாக்க விரும்பவில்லை. இரண்டு ஆண்டு முழுதாக இருந்தால் அந்த 48,000 எப்படியும் கடைசியில் வந்திருக்கும். மாறியது இரண்டு: பணம் தேவைப்பட்ட காலத்தில் கையில் இருந்தது, நிபந்தனையும் கழன்றது. 2024 ஜூனில் வங்கித் தவணை தொடங்கியபோது வீட்டுக்கு அனுப்பும் 4,000-ஐக் குறைக்கவேண்டி வரவில்லை.

பாண்ட் திருத்தத்தின் பலன் இன்னொருவருக்குப் போனது. கூடச் சேர்ந்த நால்வரில் ஒரு பையன் 14 மாதத்தில் விலகினான். மீதி பத்து மாதத்துக்கு 62,500 கட்டினான். பழைய வாசகம் இருந்திருந்தால் ஒன்றரை லட்சம் கேட்டிருப்பார்கள்.

## மறுபடி என்றால்

முதலில் மின்னஞ்சல், பிறகு போன் என்று வைத்திருப்பேன். முதல் வேலை, முதல் தடவை பேசுகிற ஒருத்தியிடம் போனில் எல்லாவற்றையும் சாதிக்கச் சொன்னது என் பிழை. எழுத்தில் கேட்டபோது ஹெச்ஆருக்கும் உள்ளே காட்ட ஒரு தாள் கிடைத்தது.

ஆறு மாத மறுபரிசீலனையைச் சேர்த்திருக்கக் கூடாது. அதற்குக் கிடைத்த மறுப்புதான் சான்றிதழ் பேச்சை விழுங்கியது. விட்டுக்கொடுக்க முடியாததை முதலில் பேசியிருக்க வேண்டும். நாங்கள் அதைக் கடைசியில் வைத்திருந்தோம்.

"போன ஆண்டு வேரியபிள் எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள்?" என்று கேட்கவே இல்லை. செலவில்லாத கேள்வி. பதில் 60 என்றோ, ஆளுக்கு ஆள் மாறும் என்றோ வந்திருந்தால், 42,000-ஐக் கணக்கில் எப்படி வைப்பது என்று தெரிந்திருக்கும்.

எல்லாவற்றையும்விட, 90 நாள் நோட்டீஸைத் தொடாமல் விட்டோம். ஏழு விஷயப் பட்டியலில் அது ஐந்தாவதாக இருந்தது. இரண்டு ஆண்டுக்கு எப்படியும் போகப் போவதில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் அடித்தேன். 2025 ஜூலையில் பாண்ட் முடிந்தது, ரிட்டென்ஷன் 32,000 வந்தது. ஆகஸ்டில் ஓசூரில் ஒரு நிறுவனம் அவளைத் தேர்ந்தெடுத்தது. 45 நாளுக்குள் வந்து சேர முடியுமா என்று கேட்டார்கள். இவள் நிறுவனம் 90 நாளில் ஒரு நாளும் குறைக்கவில்லை. அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விட்டது.